மேலே பனிப்பாறை, கீழே புளித்த மாவு: ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் டிஃப்ராஸ்ட் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

போன சித்திரையில் சேலம் அம்மாப்பேட்டையில் தறி போட்டிருக்கும் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. "தம்பி, மேல ஃப்ரீசர்ல ஐஸ் மலை மாதிரி கட்டியிருக்கு. கீழ காலைல வெச்ச மாவு சாயங்காலமே பொங்கி வழியுது. ரெண்டு தடவ டைமர் மாத்தியாச்சு. இப்ப வந்தவர் கேஸ் போடணும்ங்கறார். போட்டுரலாமா?" என்று அந்த அக்கா கேட்டார்.

"கேஸ் வேண்டாங்க்கா. ஐஸையும் உருக்கிடாதீங்க. நான் வர்ற வரைக்கும் அப்படியே ஓடட்டும்" என்றேன்.

ஐஸை உருக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கோளாறில் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தப்பே அதுதான். ஒரு நாள் அணைத்துப் போட்டு ஐஸை உருக்கினால் ஃப்ரிட்ஜ் அடுத்த பத்து நாளைக்குப் புதுசு போல ஓடும். எந்தப் பாகத்தை மாற்றியிருந்தாலும் அதுதான் சரி செய்தது என்று தோன்றும். அம்மாப்பேட்டை வீட்டில் இரண்டு டைமர் செலவானது இப்படித்தான்.

இங்கே நான் எழுதுவது இரண்டு கதவுள்ள, சுழலும் டிஃப்ராஸ்ட் டைமர் வைத்த ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கு. எலக்ட்ரானிக் போர்டு வைத்த இன்வெர்ட்டர் மாடல்களில் டைமர் கிடையாது. அவற்றைப் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

## கீழே ஏன் சூடாகிறது

இந்த ஃப்ரிட்ஜில் குளிர்விக்கும் காயில் ஒன்றே ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்சுவர் பிளாஸ்டிக் கவருக்குப் பின்னால் இருக்கிறது. கீழ்ப்பகுதிக்கென்று தனிக் காயில் இல்லை. காயிலுக்கு மேலே ஒரு சின்ன ஃபேன் இருக்கும். அது காயிலின் இடுக்குகள் வழியாகக் காற்றை இழுத்து ஃப்ரீசருக்குள் ஊதும். அதில் ஒரு பங்கு பின்பக்கக் குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழ்ப்பகுதியின் குளிர் முழுக்க அந்த ஒரு பங்குக் காற்றை நம்பித்தான் இருக்கிறது.

கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும் ஈரம் காயிலில் பனியாக ஒட்டும். அதை அவ்வப்போது உருக்குவதுதான் டிஃப்ராஸ்ட். அதற்காக நான்கு பேர் கொண்ட ஒரு கூட்டணி உள்ளே இருக்கிறது. டைமர், கம்ப்ரசர் சுமார் 6 முதல் 12 மணி நேரம் ஓடியதும் அதை நிறுத்திவிட்டு ஹீட்டருக்கு மின்சாரத்தைத் திருப்பும். ஹீட்டர் காயிலுக்கு அடியில் அல்லது காயிலோடு பின்னிய குழாயாக இருக்கும். பைமெட்டல் காயிலில் மாட்டியிருக்கும் வட்ட வடிவச் சின்ன சுவிட்ச். கடும் குளிரில் மூடியிருக்கும், காயில் சுமார் 10 டிகிரிக்கு வந்ததும் திறந்து ஹீட்டரை நிறுத்தும். கடைசியாகத் தெர்மல் ஃபியூஸ். பைமெட்டல் வேலை செய்யாமல் சூடு 70 டிகிரியைத் தாண்டிப் போனால் இது எரிந்து, ஹீட்டரை நிரந்தரமாக அணைத்துவிடும். ஒரு தடவை போனால் போனதுதான், மறுபடி சேராது.

இந்த நால்வரில் யார் படுத்தாலும் பனி உருகாது. மூன்று நான்கு நாளில் காற்று குறையும். ஒரு வாரம், பத்து நாளில் காயிலின் இடுக்குகள் அடைத்து ஒரே ஐஸ் சுவராகிவிடும். ஃபேன் சுற்றினாலும் இழுக்கக் காற்றுக்கு வழி இல்லை. ஐஸ் சுவருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஃப்ரீசர் அப்போதும் ஓரளவு உறைந்திருக்கும். கீழே மட்டும் சூடாகும். தெர்மோஸ்டாட் "இன்னும் குளிரவில்லை" என்று கம்ப்ரசரை நிறுத்தாமல் ஓட்டும்.

நிற்காமல் ஓடும் கம்ப்ரசர் மின் கட்டணத்திலும் தெரியும். தோராயமாகக் கணக்குப் போட்டால், 110 வாட் கம்ப்ரசர் நாளில் பாதி நேரம் ஓடினால் சுமார் 1.3 யூனிட், நாள் முழுக்க ஓடினால் 2.6 யூனிட். இரண்டு மாத பில்லில் 80 யூனிட் வரை கூடும்.

## முதலில், இது டிஃப்ராஸ்ட் கோளாறுதானா

கருவி எதுவும் இல்லாமலே இதைத் தீர்மானிக்கலாம். ஃப்ரீசர் கதவைத் திறந்து, அதற்குள்ளிருக்கும் கதவு சுவிட்ச்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃபேன் ஓட ஆரம்பிக்கும். சத்தம் கேட்கிறது, ஆனால் காற்று மெல்லிசாக வருகிறது, பின்கவரில் வெள்ளைப் பனி பூத்திருக்கிறது என்றால் சந்தேகம் டிஃப்ராஸ்ட் மீதுதான். சில சமயம் ஃபேன் இறக்கை ஐஸில் உரசி 'கர்ர்' என்று சத்தம் போடும்.

ஃபேனே சுற்றவில்லை என்றால் ஃபேன் மோட்டாரைப் பாருங்கள். இறக்கை ஐஸில் இறுகியும் இருக்கலாம். காற்று நன்றாக வருகிறது, பின்கவரில் பனியும் இல்லை, கீழே மட்டும் சூடு என்றால் கீழே போகும் காற்றைத் திறந்து மூடும் டேம்பர் சிக்கியிருக்கலாம்.

கேஸ் குறைவைப் பிரிப்பதுதான் முக்கியம், ஏனென்றால் நம் ஊரில் ஃப்ரிட்ஜ் சூடாகிறது என்றாலே கேஸ் என்றுதான் பேச்சு தொடங்கும். கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு முனையில், கேஸ் நுழையும் பக்கம் மட்டும் பனி பிடிக்கும். மீதிக் காயில் வெறுமையாக இருக்கும். ஃப்ரீசரும் உருகும், ஐஸ்கிரீம் கூழாகும். காயில் முழுக்க, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஐஸ் கட்டியிருந்தால், காயிலின் கடைசி வரை குளிர் போகிறது என்று பொருள். அதில் கேஸ் போடச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

அம்மாப்பேட்டையில் பின்கவர் முழுக்க வெள்ளையாக இருந்தது. ஃபேன் ஓடியது, காற்று ஊதிய மூச்சு அளவுக்குத்தான் வந்தது. கீழ்ப்பகுதியில் இரவு முழுக்க ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்த தெர்மாமீட்டர் 15 டிகிரி காட்டியது. 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

## கவரைக் கழற்றும் முன் டைமரிடம் போங்கள்

பலர் இங்கே நேராக ஃப்ரீசர் கவரைக் கழற்றப் போவார்கள். ஐஸ் பிடித்த கவர் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் உடையும். அது மட்டுமல்ல, பைமெட்டல் உறைந்திருக்கும்போது ஒரு அளவும், உருகியபின் ஒரு அளவும் எடுக்க வேண்டும். உருக்கிவிட்டால் முதல் அளவு கை நழுவிப்போகும்.

நான்கு கம்பிகளும் டைமரில் வந்து சேர்வதால், கவரைத் தொடாமலே உள்ளே இருப்பவர்களின் நிலையை அங்கிருந்தே அளந்துவிடலாம். டைமர் ஒரு சின்ன தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் பெட்டி. கீழே முன்பக்க அடிப்பட்டைக்குப் பின்னாலோ, கம்ப்ரசர் பக்கத்திலோ, கீழ்ப்பகுதிக்குள் தெர்மோஸ்டாட் பெட்டியிலோ இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் திருப்ப ஒரு காடி தெரியும்.

பிளக்கை சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்ச்சை மட்டும் அணைத்தால் போதாது. இனி வரும் எல்லா அளவும் மின்சாரம் இல்லாமல், மல்டிமீட்டரின் ஓம் நிலையில் எடுப்பதுதான். கரண்ட் இருக்கும்போது அளக்க வேண்டிய தேவை இந்த வேலையில் எங்குமே வராது.

டைமரின் கனெக்டரைக் கழற்றினால் நான்கு கம்பி வரும். நான் அதிகம் பார்க்கும் டைமர்களில் 3 பொதுக் கம்பி, 4 கம்ப்ரசர், 2 ஹீட்டர் பக்கம், 1 டைமர் மோட்டாரின் மறுமுனை. வேறு எண் வரிசை உள்ள டைமர்களும் உண்டு. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள்.

முதலில் டைமரையே அளங்கள். மோட்டாரின் இரண்டு முனைக்கும், அதாவது 1, 3 நடுவே, சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். அம்மாப்பேட்டையில் சுமார் 8 கிலோ ஓம். மோட்டார் நன்றாக இருக்கிறது. அப்புறம் ஸ்க்ரூடிரைவரால் காடியை அது திரும்பும் பக்கமே மெதுவாகத் திருப்பினால் ஒரு 'டிக்' கேட்கும். அதற்கு முன் 3க்கும் 4க்கும் தொடர்பு இருக்க வேண்டும். டிக்குக்குப் பின் அது அறுந்து 3க்கும் 2க்கும் தொடர்பு வர வேண்டும். இன்னும் சிறிது திருப்பினால் மறுபடி டிக், மறுபடி 3க்கும் 4க்கும். எதிர்ப்பக்கம் திருப்பிப் பல்சக்கரத்தை உடைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது தடவை மாற்றிப் போட்ட அந்த டைமரில் எல்லாம் சரி. அப்போதே எனக்குப் பாதி புரிந்தது.

இப்போது கனெக்டர் பக்கம். 1ஆம் கம்பியிலிருந்து பிளக்கின் நியூட்ரல் காலுக்கு அளங்கள். பல மாடல்களில் இந்தப் பாதையில்தான் ஹீட்டரும் தெர்மல் ஃபியூஸும் இருக்கின்றன. நன்றாக இருந்தால் ஹீட்டரின் மின்தடை காட்டும். அது எவ்வளவு என்பதை வாட்டிலிருந்து கணக்கிடலாம்: 230ஐ 230ஆல் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 150 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 350 ஓம். 120 வாட் என்றால் 440, 200 வாட் என்றால் 265. பத்து இருபது ஓம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. மீட்டர் அசையவே இல்லை என்றால் ஹீட்டர் அல்லது ஃபியூஸ் அறுந்திருக்கிறது.

அங்கே மீட்டர் அசையவே இல்லை.

அடுத்து 1ஆம் கம்பிக்கும் 2ஆம் கம்பிக்கும் நடுவே. இது பைமெட்டல். ஐஸுக்குள் உறைந்திருப்பதால் மூடியிருக்க வேண்டும், அதாவது சைபர் ஓம். சைபர் வந்தது. இதோடு திருப்தி அடைந்து நிறுத்தியிருந்தால் நானும் அந்த வீட்டுக்கு மறுபடி போக வேண்டி வந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் டைமர் மோட்டாரின் மறுமுனை ஹீட்டர் வழியாகப் போகாமல் நேரே நியூட்ரலில் சேரும். அப்படி என்றால் 1லிருந்து நியூட்ரலுக்கு சைபர் காட்டும். அந்த ஃப்ரிட்ஜில் 2ஆம் கம்பியிலிருந்து நியூட்ரலுக்கு அளங்கள். உறைந்த நிலையில் பைமெட்டல், ஹீட்டர், ஃபியூஸ் மூன்றும் சேர்ந்து அந்த 350 ஓம் வர வேண்டும்.

## நல்ல டைமர் ஏன் செத்த மாதிரி நிற்கிறது

முதல் வகை வயரிங்கில் டைமர் மோட்டாருக்கு வரும் மின்சாரம் ஹீட்டரையும் ஃபியூஸையும் கடந்துதான் நியூட்ரலுக்குப் போகிறது. மோட்டாரின் தடை ஆயிரக்கணக்கில், ஹீட்டரின் தடை நூற்றுக்கணக்கில். அதனால் மோட்டார் ஓடும், ஹீட்டர் சூடாகாது. வெறும் பாதையாக மட்டும் இருக்கும்.

டைமர் டிஃப்ராஸ்ட் நிலைக்குத் திரும்பியதும் பைமெட்டல் மோட்டாரின் இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். மோட்டார் நின்றுவிடும், ஹீட்டருக்கு முழு மின்சாரம் போகும். பனி உருகி பைமெட்டல் திறந்ததும் மோட்டார் மறுபடி நகர்ந்து, சில நிமிடத்தில் கம்ப்ரசரைத் தொடங்கும். பனி எவ்வளவோ அவ்வளவு நேரம்தான் ஹீட்டர் எரியும். நல்ல யோசனை.

ஆனால் ஹீட்டரோ ஃபியூஸோ அறுந்தால் டைமர் மோட்டாருக்கும் வழி அடைந்துவிடுகிறது. புது டைமர் போட்டாலும் நகராது. டைமரைக் கையால் கம்ப்ரசர் நிலைக்குத் திருப்பி வைத்தால் அங்கேயே நிற்கும். கம்ப்ரசர் ஓடும், ஃப்ரிட்ஜ் குளிரும், வந்தவர் காசு வாங்கிக்கொண்டு போவார். டிஃப்ராஸ்ட் மட்டும் வரவே வராது.

"அக்கா, முதன்முதல்ல கோளாறு எப்படி ஆரம்பிச்சுது? கீழ மட்டும் சூடாச்சா, எல்லாமே நின்னுபோச்சா?" என்று கேட்டேன்.

"எல்லாமே நின்னுபோச்சு தம்பி. மோட்டார் சத்தமே இல்ல. ஃப்ரீசர்ல கைய வெச்சா வெதுவெதுன்னு இருந்துச்சு, பிளாஸ்டிக் கருகின வாசம் வேற. அப்ப வந்தவர்தான் மொத டைமர மாத்துனார்."

இதுதான் எனக்கு வேண்டிய பதில். பைமெட்டல் திறக்காமல் ஒட்டிக்கொண்டால், டைமர் டிஃப்ராஸ்ட் நிலையிலேயே சிக்கி, ஹீட்டர் ஓயாமல் எரியும். ஃப்ரீசரே சூடாகும். கடைசியில் ஃபியூஸ் எரிந்து தீ விபத்தைத் தவிர்க்கும். அதன்பின் டைமர் டிஃப்ராஸ்டில் உறைந்து நிற்பதால் கம்ப்ரசர் ஓடாது. வந்தவர் டைமரை மாற்றி, கம்ப்ரசர் நிலையில் வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் ஐஸ் அடைத்தது. ஐஸை உருக்கி இன்னொரு டைமர். மறுபடி அதே பன்னிரண்டு நாள்.

ஆக, உறைந்தபோது சைபர் காட்டிய பைமெட்டல் உருகினாலும் சைபர்தான் காட்டும் என்பது என் சந்தேகம்.

## உருக்குவதும் கவரைத் திறப்பதும்

இப்போது உருக்கலாம். பொருள்களை எடுத்துவிட்டு, கதவுகளைத் திறந்து, ஃப்ரீசர் முன்னால் ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் முடிந்தது. குளிர்காலம் என்றால் ராத்திரி முழுக்க விடுங்கள். அவசரமானால் ஃப்ரீசருக்குள் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து மாற்றிக்கொண்டே இருக்கலாம். பின்னால் கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டு நிறைந்து வழியும், பழைய துணி போட்டு வையுங்கள்.

கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ கொண்டு ஐஸைக் குத்த வேண்டாம். அலுமினியக் காயில் ஓட்டையானால் அப்போதுதான் நிஜமாகக் கேஸ் போட வேண்டி வரும். இன்றைய ஃப்ரிட்ஜுகளில் பல R600a கேஸில் ஓடுகின்றன. அது தீப்பிடிக்கக் கூடியது. பின்பக்க லேபிளில் அந்த எழுத்து இருந்தால் பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது.

ஐஸ் கரைந்ததும், கவரைக் கழற்றும் முன், டைமர் கனெக்டரில் 1க்கும் 2க்கும் நடுவே மறுபடி அளந்தேன். அறையில் 35 டிகிரி வெக்கை. பைமெட்டல் திறந்திருக்க வேண்டும். மீட்டர் சைபர் காட்டியது. ஒட்டிக்கொண்ட பைமெட்டல்தான்.

கவரை இரண்டு மூன்று திருகு பிடித்திருக்கும், சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். கழற்றிப் பார்த்தபோது ஹீட்டருக்கு மேலே கவரின் உட்பக்கம் ஒரு கை அகலத்துக்கு நெளிந்திருந்தது. பைமெட்டலின் மூடி ஒரு பக்கம் உப்பியிருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிய பைமெட்டல் பெரும்பாலும் இப்படித்தான் உப்பும். ஹீட்டரைத் தனியாக அளந்தேன், 340 ஓம், நல்லது. ஹீட்டரின் ஒரு முனைக்கும் காயிலின் உலோகத்துக்கும் நடுவே மீட்டர் அசையவில்லை, கசிவும் இல்லை. ஃபியூஸ் அறுந்திருந்தது.

இந்தக் கசிவு அளவை விட்டுவிடாதீர்கள். மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் வீட்டு ஆர்.சி.சி.பி. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை காரணமில்லாமல் விழுகிறது என்றால், ஹீட்டர் கசிந்து டிஃப்ராஸ்ட் தொடங்கும் நேரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். அந்த ஹீட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

## மாற்றுவது

ஃபியூஸ் மட்டும் மாற்றியிருந்தால் ஓரிரு நாளில் அதுவும் எரிந்திருக்கும். ஃபியூஸ் எரிந்திருந்தால் பைமெட்டலைச் சந்தேகப்படாமல் விடக் கூடாது. கடையில் இரண்டும் சேர்ந்த செட்டாகவே கிடைக்கும். பழையதைக் கையில் எடுத்துப் போய், மேலே அச்சிட்ட வெப்ப எண்ணும் கனெக்டரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புது பைமெட்டலைப் பழையது மாட்டியிருந்த அதே குழாயில், அதே இடத்தில் மாட்டுங்கள். ஹீட்டருக்குப் பக்கமாக நகர்ந்தால் பனி உருகும் முன்பே திறந்துவிடும். தூரமாகப் போனால் ரொம்ப நேரம் எரியும். கம்பியை இணைக்க வேண்டியிருந்தால் அழுத்திப் பிடிக்கும் இணைப்பும் சூட்டில் சுருங்கும் குழாயும் பயன்படுத்துங்கள். வெறும் டேப் அங்கே தண்ணீருக்குத் தாங்காது. ஃபியூஸுக்குப் பக்கத்தில் சால்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே புது ஃபியூஸ் போய்விடும். நானே ஒரு தடவை அப்படிப் போக்கியிருக்கிறேன்.

ஃபியூஸை விட்டுவிட்டு நேரே கம்பியைச் சேர்த்து ஓட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அம்மாப்பேட்டையில் ஃபியூஸ் இல்லாதிருந்தால் அன்றைக்கு நெளிந்தது கவரோடு நின்றிருக்காது.

கவரை மூடும் முன் காயிலுக்கு அடியிலுள்ள வடிகால் துளையில் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றுங்கள். பின்னால் தட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் உருகும் தண்ணீர் அங்கேயே நின்று உறைந்து, டிஃப்ராஸ்ட் சரியாக இருந்தும் அடியிலிருந்து ஐஸ் ஏறி வரும்.

## வேலை செய்கிறதா என்று பார்ப்பது

பிளக்கை மாட்டியதும் டைமரை டிஃப்ராஸ்டுக்குத் திருப்பி, ஹீட்டர் எரியவில்லை என்று பயப்படுபவர்கள் உண்டு. காயில் சூடாக இருக்கும்போது பைமெட்டல் திறந்திருக்கும், ஹீட்டர் எரியக் கூடாது. நான்கு மணி நேரமாவது ஓடவிட்டு, ஃப்ரீசர் உறைந்தபின் சோதியுங்கள்.

பிளக்கைப் பிடுங்கி, டைமரை டிக் சத்தம் கேட்கும் வரை திருப்பி, மூடியை மூடிவிட்டு மறுபடி மாட்டுங்கள். கம்ப்ரசர் ஓடக் கூடாது. ஹீட்டர் எரிகிறதா என்று அறிய மின்வாரிய மீட்டரையே பயன்படுத்தலாம். வீட்டில் வேறு எல்லாவற்றையும் அணையுங்கள். மீட்டரில் imp/kWh என்பதற்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அது 3200 என்றால், 150 வாட் ஹீட்டருக்கு மணிக்கு 480 துடிப்பு, நிமிடத்துக்கு 8. கம்ப்ரசர் மௌனமாக இருக்க, சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு எட்டு தடவை மின்னினால் ஹீட்டர் எரிகிறது. ஃப்ரீசர் கவரில் காதை வைத்தால் நீர்த்துளி ஹீட்டரில் விழுந்து 'சுர்' என்பதும் கேட்கும்.

இருபது முப்பது நிமிடத்தில் துடிப்பு நின்று, அதற்குச் சில நிமிடம் கழித்துக் கம்ப்ரசர் தானாகத் தொடங்க வேண்டும். அந்தத் தானாகத் தொடங்குவதுதான் பைமெட்டல் திறந்ததற்கும் டைமர் நகர்வதற்கும் சாட்சி. அம்மாப்பேட்டையில் 22ஆம் நிமிடம் விளக்கு நின்றது. அக்காவும் நானும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டார் என்னமோ ஏதோ என்று வந்து பார்த்தார்கள். மறுநாள் காலை கீழ்ப்பகுதி 4 டிகிரி. பன்னிரண்டாம் நாள் போன் செய்து கேட்டேன், அன்றும் அப்படியே.

## ஏற்காட்டில் பார்க்கும்போது

மலை மேலே கணக்கு கொஞ்சம் மாறும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மேகமே வீட்டுக்குள் வந்து போகும். கதவு கேஸ்கட்டில் சின்ன இடைவெளி இருந்தாலும் ஈரம் ஏறும். அந்தக் குளிரில் கம்ப்ரசரும் குறைவாக ஓடும். டைமர் கம்ப்ரசர் ஓடும் நேரத்தை மட்டுமே எண்ணும் மாடல்களில் இரண்டு டிஃப்ராஸ்டுக்கு நடுவே நீண்ட இடைவெளி விழும். அதனால் அங்கே முதலில் கேஸ்கட்டைப் பாருங்கள். கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தால் கேஸ்கட் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் கசிகிறது. கேஸ்கட் கசிவில் பனி கதவோரமும் ஒரு மூலையிலும் அதிகமாக இருக்கும், சீராக இருக்காது.

போர்டு வைத்த மாடல்களில் டைமரின் வேலையை போர்டும், பைமெட்டலின் வேலையைக் காயிலில் மாட்டிய சென்சாரும் செய்கின்றன. ஹீட்டர், ஃபியூஸ் அளவுகளுக்கு மேலே சொன்னதே போதும். அவை இரண்டும் நன்றாக இருந்தால் சென்சாரை ஐஸ் தண்ணீரிலும் அறை வெப்பத்திலும் வைத்து, ஓம் தெளிவாக மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் சென்சார். மாறினால் போர்டு. போர்டு வேலையை வீட்டில் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

அந்த அக்கா கழற்றிய இரண்டு டைமரையும் காசு கொடுத்த பொருளாச்சே என்று கவரில் போட்டு வைத்திருந்தார். அளந்து பார்த்தேன். இரண்டும் பழுதில்லாதவை. அடுத்த மாதம் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் இதே புகார் வந்தது. ஹீட்டர் 355 ஓம், ஃபியூஸ் சரி, பைமெட்டல் உறைந்தபோது மூடியது, உருகியபோது திறந்தது. டைமர் காடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கம்ப்ரசரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். கோடு துளியும் நகரவில்லை. மோட்டார் தடை சரியாக இருந்தும் பல்சக்கரம் சிக்கியிருந்தது. இது நிஜமாகவே டைமர் கோளாறு. மேலே அச்சிட்ட எண்ணும் கால் வரிசையும் ஒத்துப்போனதால், அக்காவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த அவருடைய முதல் டைமரைத்தான் அங்கே போட்டேன். இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.